துப்பறியும் கதையில் சந்தேக நபர்களுக்குப் பெயர் சூட்டல்

ஒன்பதாம் வகுப்பில் கதை எழுதும் பயிற்சிக்குத் துப்பறியும் கதையைக் கொடுத்தேன். பால் கூட்டுறவுச் சங்கத்தில் பணப்பெட்டி காணாமல் போவதாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். கணக்கர் மாரியப்பன், காவலாளி மாரிமுத்து, வண்டி ஓட்டுநர் மாடசாமி, பால் பரிசோதிப்பவர் மாலதி ஆகிய நால்வர் மீதும் சந்தேகம். துப்புகள் நன்றாக அமைந்திருந்தன. ஆனால் கதையை வாசித்த மாணவர்களில் பலருக்கு, இரவில் சாவி யாரிடம் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

காரணத்தை வகுப்பிலேயே ஆராய்ந்தோம். வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. முதல் எழுத்தையும் சொல்லின் நீளத்தையும் பார்த்தே ஆளை அடையாளம் காண்கிறார். தமிழில் பெயரின் இறுதி, வேற்றுமை உருபு சேரும்போது மாறிவிடும். மாரியப்பனிடம், மாரிமுத்துவிடம் என்று வரும்போது கண்ணில் நிற்பது ‘மாரி’ மட்டுமே.

எனவே கரும்பலகையில் முதல் எழுத்து, எழுத்துகளின் எண்ணிக்கை, இறுதி ஒலி என மூன்று கட்டங்கள் வரைந்தோம். மாரியப்பனை அப்படியே வைத்துக்கொண்டோம்: மா, ஆறு எழுத்து, ‘ன்’. காவலாளி ஜோசப் ஆனார்: ஜோ, மூன்று, ‘ப்’. ஓட்டுநர் இப்ராஹிம்: இ, ஐந்து, ‘ம்’. பரிசோதிப்பவர் கௌரி: கௌ, இரண்டு, ‘இ’. எந்தக் கட்டத்திலும் ஒன்றே இருமுறை வரவில்லை. கதையில் வேறொரு சொல்லையும் மாற்றாமல் மீண்டும் வாசிக்கக் கொடுத்தபோது, சாவி ஜோசப்பிடம் இருந்ததைத் தயங்காமல் சொன்னார்கள்.

முதல் எழுத்து மட்டும் வேறுபட்டால் போதாது. கதிரவன், முகிலன், இனியன் என்று வைத்தால் மூன்றும் ஒரே ஓசையில் முடிந்து, உரக்கப் படிக்கும்போது கலந்துவிடும். ‘க’வில் ஒருவர், ‘கா’வில் ஒருவர் என்பதும் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு அன்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குற்றவாளியின் பெயர் மட்டும் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிந்தால், வாசகர் முன்பே ஊகித்துவிடுவார்.

ஒரே முதல் எழுத்து கதைக்கே தேவைப்படுவதும் உண்டு. அகதா கிறிஸ்டி 1934இல் வெளியிட்ட ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலைக் கதையில், ‘H’ என்ற எழுத்துப் பின்னிய கைக்குட்டை ஒரு துப்பு. அது ஹில்டெகார்டு, ஹெலெனா என்னும் முதற்பெயர்களுக்கும், ரஷ்ய எழுத்தில் ‘ந’ ஒலி தருவதால் நட்டாலியாவுக்கும் பொருந்தும். ஆனால் கதை நெடுக அவர்களைச் சுட்டும் பெயர்கள் ஷ்மிட், ஆண்ட்ரெனி, இளவரசி ட்ரகோமிராஃப். ஒற்றுமை முதற்பெயரில் ஒளிந்திருக்கிறது. அழைக்கும் பெயரில் குழப்பமே இல்லை.

மாணவர் கதையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கதையை எழுதாத ஒருவரைப் பாதிவரை வாசிக்கச் செய்து, தாளை மூடிவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் உரியவரின் வேலையைக் கேளுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்தப் பெயரை மாற்றினால் போதும்.