நிழற்படத்திலிருந்து நெசவுக்கு: பாலும் பழமும் கட்டம்

திரைப்படத்தில் ஒரு நடிகை உடுத்திய சேலையைக் காட்டி, “இதைப் போல் ஒன்று வேண்டும், ஆனால் விலை எங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும்” என்று கேட்டு வருவோர் நம் சங்க விற்பனை நிலையங்களுக்குப் புதியவர் அல்லர். முன்னாளில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த படத்துடன் வந்தார்கள். இன்று கைப்பேசியுடன் வருகிறார்கள். படத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் தறி பூட்டுவதால் நேரும் நஷ்டத்தைத் தணிக்கையின்போது ஓர் உதாரணத்தில் கண்டோம். அதையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

பழையசீவரத்தைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மகள், மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் அவ்வூருக்கு எழுந்தருளும் பார்வேட்டை உற்சவத்திற்குத் தம் பாட்டியார் உடுத்த ஒரு சேலை வேண்டுமென விரும்பினார். 1961-ல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த ‘பாலும் பழமும்’ படத்தில் பி. சரோஜாதேவி தோன்றும் ஒரு நிழற்படத்தை அவர் காட்டினார். சின்னஞ்சிறு கட்டமிட்ட சேலைக்குப் ‘பாலும் பழமும் கட்டம்’ என்னும் பெயர் அப்படத்தினாலேயே ஊரெங்கும் பரவியது என்பது பெண்மணிகளிடையே வழங்கும் பேச்சு. பாட்டியாரும் இளமையில் அத்தகைய சேலை ஒன்றை உடுத்தியவராம்.

சங்கத்தார் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கண்ணளவில் அரையங்குலக் கட்டம் எனத் தீர்மானித்து நெய்து கொடுத்தனர். “இது துண்டுக்குப் போடும் கட்டமாயிற்றே!” என்று பாட்டியார் மறுத்துவிட்டார். நெசவாளிக்குக் கூலி கொடுத்தாயிற்று. சேலையோ கைவசச் சரக்கில் தங்கிவிட்டது. உற்சவத்திற்கு இரண்டு மாதங்களே இருந்தன. ஆகவே அப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆராய்ந்தோம்.

முதலாவது, கட்டத்தின் அளவு. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதிலுள்ள உடலும் உடன் பெரிதாகும். ஆதலால் உடலையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். வளர்ந்த பெண்ணின் கையில், கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களின் அடியில் குறுக்களவு ஏறக்குறைய 3 அங்குலம். அக்கை சேலையின்மீது படிந்திருக்கும் இடத்தைத் தேர்ந்து, அவ்வகலத்திற்குள் எத்தனை கட்டங்கள் அடங்குகின்றன என்று எண்ணுக. மடிப்பிலும் வளைவிலும் எண்ணக் கூடாது. அங்கே கட்டம் குறுகித் தோன்றும். அப்பெண் காட்டிய படத்தில், ஒரு நிறப்பட்டையும் ஒரு வெள்ளைப்பட்டையும் சேர்ந்ததை ஒன்றாகக் கொண்டு எண்ணியபோது, 12 கிடைத்தன. 3 அங்குலத்திற்கு 12 என்றால் அங்குலத்திற்கு 4. அதாவது கட்டம் ஒன்றுக்குக் கால் அங்குலம். முன்னர் நெய்தது இதைப்போல் இரு மடங்காக இருந்தது.

இரண்டாவது, அது நெய்த கட்டமா, அச்சிட்ட கட்டமா என்பது. நெய்த கட்டத்தில் மூன்று சாயல்கள் தோன்றும். பாவிலும் ஊடையிலும் நிற இழை சேருமிடம் அழுத்தமாகவும், இரண்டிலும் வெள்ளை சேருமிடம் வெண்மையாகவும், ஒன்றில் நிறமும் மற்றொன்றில் வெள்ளையும் சேருமிடம் நடுத்தரமாகவும் இருக்கும். அச்சிடுவோர் இதையும் போலி செய்யக்கூடும். ஆகையால் முந்தானை திரும்பிய இடத்தைப் பார்க்க வேண்டும். நெய்ததாயின் இருபுறமும் ஒத்திருக்கும். அச்சிட்டதாயின் மறுபுறம் வெளிறியிருக்கும்.

மூன்றாவது, நிறம். இதில்தான் படம் நம்மை ஏமாற்றும். ‘பாலும் பழமும்’ கறுப்பு வெள்ளைப் படம். ஒத்த அழுத்தமுள்ள சிவப்பும் பச்சையும் நீலமும் அதில் ஒரே சாம்பல் நிறமாகப் பதியும். பிற்காலத்தில் வண்ணம் தீட்டிய விளம்பரப் படங்கள் தீட்டியவரின் விருப்பத்தைக் காட்டுமேயன்றிச் சேலையின் நிறத்தைக் காட்டா. ஆகவே, “படத்தில் இருந்த நிறம்” என்று எவருக்கும் வாக்குக் கொடுத்தல் தகாது. நாம் பாட்டியாரையே கேட்டோம். அவர் அரக்குச் சிவப்பு என்றார்.

இனி விலையைக் குறைக்கும் வழியைப் பார்ப்போம். பட்டு, ஜரிகை, கோர்வைக் கரை ஆகிய மூன்றும் விலையை உயர்த்துபவை. கட்டத்தின் அளவையும் கரையின் அகலத்தையும் மாற்றாமல், இம்மூன்றையும் விட்டுவிடலாம். பட்டுக்குப் பதிலாக 80-ம் நம்பர் பருத்தி நூலும், ஜரிகைக்குப் பதிலாக அரக்கு நூற்கரையும் கொண்டோம்.

கோர்வையை விடுவதில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. கோர்வையில் கரைக்குத் தனி நாடா ஓடுவதால் உடலின் ஊடை கரைக்குள் நுழைவதில்லை. கோர்வை இன்றேல் வெள்ளை ஊடை கரையையும் கடந்து ஓடி, அங்கே வெளிறிய கோடுகளை உண்டாக்கும். இதற்குப் பரிகாரம், கரையில் பாவை நெருக்குவதே. அச்சின் ஒரு பல்லுக்கு 2 இழை என்பதைக் கரையில் மட்டும் 4 இழையாக்கினால், அரக்கு இழைகள் ஊடையைப் பெரும்பாலும் மூடிவிடும். முற்றிலும் மறையாது என்பதை வாங்குவோரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

கணக்கு வருமாறு: சேலையின் அகலம் 48 அங்குலம். இருபுறமும் 3 அங்குலக் கரை போக உடல் 42 அங்குலம். அங்குலத்திற்கு 80 இழை வீதம் உடலுக்கு 3,360 இழைகள். கட்டம் ஒன்றுக்கு 20 இழை. 10 அரக்கு, 10 வெள்ளை. ஆகவே 168 கட்டங்கள். இரு நிறத்திலும் தலைக்கு 1,680 இழைகள். ஊடையிலும் பத்துப் பத்தாகவே மாற்ற வேண்டும். தறியின் ஒரு பக்கத்தில் மட்டும் இரட்டை நாடாப் பெட்டி இருப்பின், நாடா போய்த் திரும்பிய பின்னரே நிறம் மாற்ற இயலும். எனவே ஊடை எண்ணிக்கை இரட்டைப்படையாகவே அமைய வேண்டும். கூலியை மிச்சப்படுத்த ஒரே நிற ஊடையை ஓட்டினால், கிடைப்பது கட்டமன்று, வெறுங்கோடு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. அரக்குச் சாயம் கெட்டியாக ஏறாவிடில் முதல் சலவையிலேயே பழம் பாலில் கலந்துவிடும். பிறகு அச்சேலையைத் திருத்த வழியில்லை. ஆகவே பாவு ஓட்டுமுன், சாயமேற்றிய நூலில் ஒரு சாணை எடுத்து, வெள்ளை நூலுடன் பின்னி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கி உலர்த்துக. வெள்ளை நூலில் சிவப்பு ஏறியிருந்தால் அச்சிட்டத்தைச் சாயக்காரரிடம் திருப்பிவிட வேண்டும். நாம் சோதித்தபோது முதற்சிட்டம் தேறவில்லை, இரண்டாவதே தேறிற்று. இதில் பத்து நாட்கள் கழிந்தன.

தறி பூட்டுமுன், ஓர் அட்டையில் பத்து அரக்கு, பத்து வெள்ளை என இழைகளை நெருக்கிச் சுற்றிப் பாட்டியாரிடம் அனுப்பினோம். அவர் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, “இதுதான்” என்றாராம். அவ்வட்டையின் பின்புறம் ஒப்புதல் கையெழுத்தும் தேதியும் பெற்று ஆர்டர் கோப்பில் சேர்த்தோம். சேலை போகி அன்று அவர் வீடு சேர்ந்தது. அரையங்குலக் கட்டச் சேலையோ இன்னும் அச்சங்கத்தின் அலமாரியில் இருக்கிறது. சுற்றிய அட்டை ஒன்று முன்பே இருந்திருப்பின், அது நெய்யப்பட்டே இராது.