கூட்டங்களுக்கு நடுவே தொலைந்துபோகும் வேலை நேரம்

புனே நகரை அடுத்த தொழிற்பேட்டை ஒன்றில் இயங்கும் வாகன உதிரிபாக நிறுவனத்தின் நிதி மேலாளர் ஒருவரை நாம் அறிவோம். அவருடைய நிறுவனம் ஒரு வங்கியில் 2 கோடி ரூபாய் ரொக்கக் கடன் வசதி பெற்றிருந்தது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் முந்தைய மாத இறுதியின் சரக்கு இருப்பு அறிக்கையை வங்கிக் கிளைக்கு அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. ஓராண்டு காலமாக அந்த அறிக்கை 10ஆம் தேதியில் சென்றதில்லை. 17ஆம் தேதி சென்றது, 19ஆம் தேதி சென்றது. ஒரு மாதம் 24ஆம் தேதி சென்றது.

அது தீபாவளிக்கு முந்தைய மாதம். பண்டிகைக் கால விற்பனைக்காகச் சரக்கு குவிந்திருந்தது. ரொக்கக் கடனில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை அனுமதிக்கப்பட்ட வரம்பு மட்டும் முடிவு செய்வதில்லை. கடைசியாகக் கிடைத்த இருப்பு அறிக்கையைக் கொண்டும் வங்கி அதைக் கணக்கிடுகிறது. புரிதலுக்காகப் பணம் செலுத்தப்பட்ட சரக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழைய அறிக்கைப்படி இருப்பு 1 கோடியே 60 லட்சம். 25 விழுக்காடு விளிம்புத் தொகை கழிந்தால் 1 கோடியே 20 லட்சம் எடுக்கலாம். கிடங்கில் உண்மையில் இருந்ததோ 2 கோடியே 20 லட்சம் ரூபாய்ச் சரக்கு; அதற்கு 1 கோடியே 65 லட்சம் எடுத்திருக்கலாம். ஓர் அறிக்கை தாமதமானதால் 45 லட்சம் ரூபாய் கைக்கு எட்டவில்லை. இரண்டு சப்ளையர்களுக்கான காசோலைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது.

மேலாளர் சோம்பேறியா என்றால், இல்லை. காலை 9.30 மணிக்கு வந்து இரவு 8 மணிக்குத்தான் வீடு திரும்புவார். அந்த அறிக்கையைத் தயாரிக்கக் கிடங்குக் கணக்கு, கொள்முதல் பதிவேடு, கடன்தாரர் பட்டியல் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இடையூறின்றி உட்கார்ந்தால் நான்கு மணி நேரத்தில் முடியும். அந்த நான்கு மணி நேரம் அவருக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கவேயில்லை என்பதே சிக்கல்.

யாரிடமும் முறையிடுமுன் இரண்டு வாரம் எண்ணிப் பார்க்குமாறு அவருக்குச் சொன்னோம். நாட்காட்டியில் உள்ள ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு தாளில் எழுதி, எதிரே மூன்று செய்திகளைக் குறித்தார். அங்கே தாம் என்ன பேசினோம்? தாம் இல்லாதிருந்தால் எந்த முடிவு மாறியிருக்கும்? கிடைத்த செய்தியைக் கூட்டக் குறிப்பிலேயே படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா?

வாரத்துக்கு 40 மணி நேர வேலையில் 19 கூட்டங்கள் 22 மணி நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தன. எஞ்சிய 18 மணி நேரம் குறைவில்லை என்றே தோன்றும். அது எப்படிச் சிதறிக் கிடந்தது என்று பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. இரண்டு மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைத்த இடைவெளி வாரத்தில் இரண்டே. ஒரு மணி நேர இடைவெளிகள் ஐந்து. மற்ற 9 மணி நேரமும் பதினெட்டு அரைமணித் துண்டுகள். அரைமணியில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதலாம், காசோலையில் கையெழுத்திடலாம். கிடங்குக் கணக்கைத் திறந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்துவிடும்.

மென்பொருள் துறையில் அறியப்பட்ட பால் கிரஹாம் 2009இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த வேறுபாட்டை விளக்கினார். மேலாண்மை செய்வோரின் நாள் ஒரு மணிக் கூறுகளாகப் பிரிந்தது. ஒன்றை உருவாக்குவோருக்கோ அரைநாளாவது ஒரே கூறாக வேண்டும். நிதி மேலாளர் போன்றவர்கள் இரண்டு வேலையையும் செய்கிறார்கள். அழைப்பு அனுப்புகிறவர் கண்ணுக்கு ‘ஒரு மணி நேரம் காலியாக இருக்கிறது’ என்றுதான் தெரியும். அந்த ஒரு மணி, ஒரு முற்பகலை இரண்டாக வெட்டுகிறது என்பது தெரியாது.

பட்டியலில் மற்றொன்றும் வெளிப்பட்டது. 19 கூட்டங்களில் ஐந்து, அவரே கூட்டியவை. கணக்குப் பிரிவின் நான்கு பேரையும் நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, நேற்று நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறர் கூட்டத்தை மறுக்குமுன் நம் கூட்டத்தைக் குறைப்பதே முறை. அவர் வாரத்துக்கு இரண்டு அரைமணிக் கூட்டங்களாக அதைச் சுருக்கினார். இதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அவருக்கு மட்டும் 4 மணி நேரம் மீண்டது. தம் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டவர் பிறரிடம் கேட்கும்போது அந்தக் கோரிக்கைக்கு எடையும் கூடுகிறது.

அடுத்தது நாள்தோறும் 45 நிமிடம் நடக்கும் உற்பத்திக் கூட்டம். பதினொரு பேர் அமர்வார்கள். பதினொரு பேரின் 45 நிமிடத்தை ஐந்து நாளுக்குக் கூட்டினால் 41 மணி நேரத்துக்குச் சற்று மேல். அதாவது ஓர் ஊழியரின் முழு வார உழைப்பு. இந்தக் கணக்கைக் கூட்டத்தை நடத்தும் ஆலை மேலாளரிடம் நீட்டுவது நல்லதன்று. அவர் அதைக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்வார். நம் நண்பர் தம் இரண்டு வாரக் குறிப்பை மட்டும் எடுத்துப் பார்த்தார். பத்து நாளில் மூன்று நாள்தான் வாய் திறந்திருந்தார். மூன்று நாளும் பேச்சு ஒன்றே: எந்த சப்ளையருக்குப் பணம் போயிற்று, எது நிற்கிறது.

ஆகவே அவர் வரமாட்டேன் என்று எழுதவில்லை. தம்மிடமிருந்து அந்தக் கூட்டத்துக்கு எது தேவையோ அதை வேறு வழியில் தருவதாக எழுதினார். கடிதத்தின் சாரம் இது:

“ஐயா, காலைக் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் சப்ளையர் பணம் பற்றியே. அதை நாள்தோறும் 9.15 மணிக்குள் நான்கு வரியில் தங்களுக்கு எழுதி அனுப்பிவிடுகிறேன். திங்கட்கிழமை நேரில் வருகிறேன். மற்ற நாட்களில் என் மேசையிலேயே இருப்பேன். தேவைப்பட்டால் அழையுங்கள், இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவேன். நான்கு வாரம் இவ்வாறு செய்து பார்ப்போம். தங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் பழையபடியே வருகிறேன். வங்கிக்கான இருப்பு அறிக்கையை 10ஆம் தேதிக்குள் முடிக்கவே இந்த வேண்டுகோள்.”

இக்கடிதத்தில் ‘எனக்கு நேரமில்லை’ என்ற சொல் இல்லை. நேரமில்லை என்பவரிடம் ‘எங்களுக்கு மட்டும் இருக்கிறதா’ என்று கேட்கத் தோன்றும். மாறாக, முடிக்க வேண்டிய வேலையின் பெயரும் தேதியும் இருக்கின்றன. காலவரையறை இருப்பதால் ஒப்புக்கொள்பவருக்கு இழப்பில்லை. கடிதம் புறப்படுமுன் தம் நேரடி மேலதிகாரியிடம் அதைக் காட்டி ஒப்புதல் பெற்றிருந்தார். இதைத் தவறவிட்டால், முதல் முறை யாரோ ‘நிதிப் பிரிவிலிருந்து ஒருவரும் வரவில்லையே’ என்று கேட்கும்போது மேலதிகாரி நம் பக்கம் நிற்கமாட்டார்.

அழைப்பவர் மேலதிகாரியாகவே இருந்தால்? நம் அலுவலகங்களில் நேரடி மறுப்பு எடுபடுவது அரிது, எடுபட வேண்டியதுமில்லை. முடிவை அவரிடமே விட்டுவிடலாம். “நாளை பிற்பகல் இருப்பு அறிக்கைக்கு ஒதுக்கியிருந்தேன். கூட்டத்துக்கு வந்தால் அறிக்கை வெள்ளிக்கிழமைக்குப் போகும். எது முந்த வேண்டும் என்று தாங்கள் சொன்னால் அப்படியே செய்கிறேன்.” அவர் கூட்டத்தையே தேர்ந்தெடுத்தாலும் நட்டமில்லை, தாமதத்தின் காரணம் இருவருக்கும் தெரிந்ததாகிவிடுகிறது.

திங்கட்கிழமை விற்பனை ஆய்வு இரண்டு மணி நேரம். அவருக்குரியது நிலுவை வசூல் பற்றிய இறுதி அரைமணி மட்டுமே. அந்தப் பகுதியை முதலில் வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டார். விற்பனைத் தலைவர் ஒப்புக்கொண்டார். ஒருவர் முழுக் கூட்டத்துக்கும் தேவையில்லை என்றால் நிகழ்ச்சி நிரலில் வரிசையை மாற்றுவது போதும். நிகழ்ச்சி நிரலே இல்லாத அழைப்பு வந்தால், “இதில் என்னிடமிருந்து எது தேவை என்று தெரிவித்தால் ஆயத்தமாக வருவேன்” என்று எழுதலாம். பல நேரம் அதற்கு வரும் விடை ஒரே வரியாக இருக்கும், கூட்டமும் தேவைப்படாது.

ஆறு வாரத்தில் 22 மணி நேரம் பதின்மூன்றரை ஆனது. மீண்ட நேரம் சிதறாமலிருக்க, செவ்வாய், வியாழன் முற்பகல்களை நாட்காட்டியில் அடைத்துவைத்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. வெறுமனே ‘வேலையில் இருக்கிறேன்’ என்று அடைத்தால் பிறர் அதன்மேல் அழைப்பு வைத்துவிடுவார்கள். ‘வங்கி இருப்பு அறிக்கை’ என்று பெயரிட்டபோது எவரும் தொடவில்லை. வாரம் முழுவதையும் அடைத்திருந்தால் யாரும் மதித்திருக்கமாட்டார்கள். கூகுள் நாட்காட்டியின் அமைப்புகளில் Speedy meetings என்றொரு வசதி உண்டு. அதைத் தேர்ந்தால் நாம் வைக்கும் அரைமணிக் கூட்டம் 25 நிமிடமாகவும், ஒரு மணிக் கூட்டம் 50 நிமிடமாகவும் தானே குறையும். சிறிய உதவி, ஆனால் அடுத்தடுத்த கூட்டங்களுக்கு நடுவே குறிப்பெழுத இடம் தரும்.

எல்லாம் நேராகச் சென்றுவிடவில்லை. மூன்றாம் வாரம், அவர் இல்லாத உற்பத்திக் கூட்டத்தில், ஒரு சிறு சப்ளையருக்கு இனி 60 நாளில் பணம் தருவதென்று கொள்முதல் பிரிவு பேசி முடித்துவிட்டது. அந்த சப்ளையர் பதிவு பெற்ற குறுந்தொழில் நிறுவனம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி அத்தகையோருக்கு, ஒப்பந்தம் எழுதினாலும், 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. கூட்டக் குறிப்பு அன்று மாலை வந்ததால் அவர் கண்ணில் பட்டது, மறுநாளே திருத்தினார். குறிப்பு எழுதப்படாத கூட்டமாக இருந்திருந்தால் ஆண்டு இறுதித் தணிக்கையில்தான் தெரிந்திருக்கும்.

அதன்பின் இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்தன. அவர் செல்லாத கூட்டத்தின் குறிப்பு அன்றே அவருக்கு வர வேண்டும். பணம் தரும் தவணை பற்றிய முடிவு அவர் ஒப்புதலின்றி நடைமுறைக்கு வரக்கூடாது. வர இயலாது என்று சொல்லுமுன்னரே இவ்விரண்டையும் கேட்டிருக்க வேண்டும் என்று அவரே நம்மிடம் ஒப்புக்கொண்டார்.

தணிக்கையாளர் சந்திப்பு, ஆலைப் பாதுகாப்புக் கூட்டம், அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் பேசும் கூட்டம் ஆகியவற்றை அவர் தொடவில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் முதல் ஆறு மாதம் கூட்டங்களை மறுக்காதிருப்பதே நல்லது. யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். உற்பத்திக் கூட்டத்துக்கு மாற்றாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னபோது நம் நண்பர் மறுத்துவிட்டார். நாள் முழுதும் முடியாத கூட்டம் அது என்பது அவர் கருத்து. நமக்கும் அப்படியே தோன்றுகிறது.

அடுத்த மாத இருப்பு அறிக்கை 9ஆம் தேதி கிளைக்கு வந்து சேர்ந்தது. அதற்கடுத்த மாதம் 10ஆம் தேதி. நான்கு வாரச் சோதனை முடிந்தபோது அதை நீட்டிப்பது பற்றி ஆலை மேலாளர் எதுவும் கேட்கவில்லை. 9.15 மணிக் குறிப்பு ஒரு நாள் தாமதமானபோது மட்டும் தொலைபேசியில் அழைத்து, எங்கே அது என்று விசாரித்தார்.