சந்தியில் ஒரு கைகாட்டிப் பலகை: பஞ்சாயத்துத் தலைவருக்கு மனு எழுதும் முறை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தின் மலைச் சரிவில் அமைந்துள்ளது காந்தலூர். மறையூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகியவற்றுடன் சேர்த்து அஞ்சுநாடு என வழங்கப்பெறும் ஊர்களுள் இதுவும் ஒன்று. (சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை வேறு, அது தெற்கே கடற்கரைப் பக்கத்தைச் சார்ந்தது.) மூணாறு–உடுமலைப்பேட்டைச் சாலையில் வருவோர் மறையூரில் பிரிந்து, கோவில்கடவு வழியாக மலையேறி இவ்வூரை அடைகின்றனர். இங்கு விளையும் வெள்ளைப்பூண்டும் காய்கறிகளும் பழங்களும் லாரிகளில் வெளியூர் செல்கின்றன. அண்மை ஆண்டுகளில் சுற்றுலாப் பயணிகளின் வரவும் மிகுந்துள்ளது. ஆகவே, இவ்வழியை அறியாத ஓட்டுநர்கள் நாள்தோறும் இம்மலையில் ஏறுகின்றனர்.

மலைச் சாலை பிரியும் இடத்தில் இரு கிளைகளும் ஒரே அகலமாக இருந்தால் எது ஊருக்குச் செல்வது, எது பயிர்நிலங்களுக்கிடையே சென்று முடிவது என்பதைப் பார்வையால் அறிய இயலாது. தவறான கிளையில் நுழைந்த லாரி, திரும்ப இடமின்றிப் பள்ளத்தின் ஓரமாகப் பின்னோக்கி வரவேண்டியதாகும். நோயாளியை ஏற்ற வரும் ஆம்புலன்சு வண்டியாயின் இழக்கப்படும் நேரம் ஓர் உயிருக்குரியது. அத்தகைய சந்தியில் ஒரு பலகை வேண்டிப் பஞ்சாயத்துத் தலைவருக்கு எவ்வாறு எழுதுவது என்பதே இப்பாடம்.

இம்மனுவில் உள்ள தனித்த இடர்ப்பாடு ஒன்றை முதலில் உணர வேண்டும். முடிவெடுப்பவர்கள் அனைவரும் அச்சந்தியில் ஒருநாளும் வழி தவறாதவர்கள். தலைவரும் வார்டு உறுப்பினரும் அவ்வழியே வளர்ந்தவர்கள், “அங்கே என்ன குழப்பம்?” என்று அவர்கள் கேட்பது இயல்பே. மறுபுறம், மதிப்பீடு தயாரிக்க வரும் பொறியாளர் வெளியூரினராக இருக்கலாம். “டீக்கடை முக்கு” என்று எழுதினால் எந்த டீக்கடை என்பது அவருக்குப் புரியாது. எனவே மனு இரு வேறு வாசகர்களுக்கு எழுதப்படுகிறது. உள்ளூராருக்குக் குழப்பம் உண்டு என்பதை மெய்ப்பிக்க வேண்டும்; வெளியூராருக்கு இடம் இதுவே என்பதை ஐயமின்றிக் காட்ட வேண்டும். முன்னதற்கு உதவுவது ஒரு வார காலக் கணக்கு. பின்னதற்கு உதவுவது அட்சரேகை, தீர்க்கரேகை அளவு.

இட அளவை எடுத்தலும் எழுதுதலும்

இன்று கைப்பேசியிலேயே இவ்வளவைப் பெறலாம். மலையில் தொலைபேசி அலை கிடைக்காத இடத்திலும் இது இயலும். ஏனெனில் இருப்பிடத்தைக் கணிக்கும் கருவி செயற்கைக்கோள்களின் அலையையே பெறுகிறது. அலை இல்லாவிடில் வரைபடத்தின் படம் திரையில் தோன்றாமற்போகலாம்; எண்கள் கிடைக்கும். சந்தியின் நடுவுக்கு இயன்ற அளவு அருகில், வானம் திறந்திருக்கும் இடத்தில், சில நிமிடங்கள் அசையாமல் நின்று அளவை எடுக்க வேண்டும். திறந்த வெளியில் கைப்பேசியின் பிழை ஏறத்தாழ 5 மீட்டர். மரச்செறிவின் அடியிலும் செங்குத்தான பாறையின் ஓரத்திலும் அது பெருகும். சற்று இடைவெளி விட்டு மூன்று முறை எடுத்துப் பார்த்தால், எண்கள் எவ்வளவு அலைகின்றன என்பது தெரியவரும்.

எத்தனை தசம இடங்கள் எழுதுவது என்பதில் பலரும் தடுமாறுகின்றனர். காந்தலூர் இருக்கும் அட்சரேகையில் ஒரு பாகை வடக்கு–தெற்காக ஏறத்தாழ 110.6 கி.மீ.; கிழக்கு–மேற்காக ஏறத்தாழ 109.6 கி.மீ. ஆகவே இரண்டு தசம இடங்கள் மட்டும் எழுதினால் ஒரு கிலோமீட்டர் அளவே தெளிவு கிட்டும். அதற்குள் பல சந்திகள் இருக்கலாம். நான்காம் இடம் 11 மீட்டரையும், ஐந்தாம் இடம் ஒரு மீட்டரைச் சற்று மிஞ்சிய அளவையும் குறிக்கும். கருவியின் பிழையே 5 மீட்டராக இருக்கையில், ஆறாம் இடமும் ஏழாம் இடமும் வெறும் அலங்காரமே. ஐந்து இடங்களுடன் நிறுத்துவது பொருந்தும்.

பாடத்திற்காக ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்: வடக்கு அட்சரேகை 10.21437 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 77.19582 பாகை. இது காந்தலூர்ப் பகுதியில் விழும் ஓர் எடுத்துக்காட்டேயன்றி, உள்ள சந்தி எதையும் சுட்டுவதன்று. இதே புள்ளியைப் பாகை, கலை, விகலையாக எழுதினால் 10° 12′ 51.7″ வடக்கு, 77° 11′ 45.0″ கிழக்கு ஆகும். இரண்டும் சரியே, ஆபத்து இரண்டையும் கலப்பதில் உள்ளது. அலுவலகத்தில் மனுவைப் படியெடுப்பவர் பாகை, கலைக் குறிகளை விட்டுவிட்டு 10.12517, 77.11450 என்று பதிந்தாரெனில், புள்ளி தெற்கே 9.9 கி.மீ.உம் மேற்கே 8.9 கி.மீ.உம் நகர்ந்துவிடும். அதாவது, பொறியாளர் 13 கி.மீ.க்கும் அப்பால், மூணாறு பக்கத்து மலையில் சந்தியைத் தேடிக்கொண்டிருப்பார். பிழை வெளிப்படையாகத் தோன்றாது என்பதே இதன் கொடுமை. அந்த எண்ணும் இடுக்கி மாவட்டத்து எண் போலவே காணப்படும்.

மாறாக, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் பிழை உடனே புலப்படும்: புள்ளி வடதுருவப் பக்கம், ஸ்வால்பார் தீவுகளுக்கு மேற்கே கடலில் சென்று விழும். எனவே பாகையைத் தசமமாக மட்டும் எழுதி, “வடக்கு”, “கிழக்கு” என்னும் சொற்களையும் சேர்த்து, எழுதி முடித்தபின் அந்த எண்களைத் தாளிலிருந்தே வரைபடத்தில் மீண்டும் இட்டுப் பார்ப்பது நன்று.

எண் எவ்வளவு துல்லியமாயினும், அது சந்தியை மட்டுமே காட்டும். எத்திசையிலிருந்து வருபவர் தவறுகிறார் என்பதைக் காட்டாது. பலகைக்கோ அதுவே உயிர். மறையூரிலிருந்து ஏறி வருபவர் குழம்பும் சந்தியில், காந்தலூரிலிருந்து இறங்குபவருக்கு முகங்காட்டும் பலகையை நட்டால் பயனில்லை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் எட்டு மீட்டருக்கு மேல் கடக்கிறது. பிரியும் முனையிலேயே பலகையிருந்தால், படித்து முடிக்குமுன் வண்டி ஒரு கிளையில் நுழைந்திருக்கும். 40 மீட்டர் முன்னதாக இருப்பின், ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஐந்து வினாடி கிட்டும். ஆகவே எண்ணுடன் வரும் திசை, சாலையின் பக்கம், சந்திக்கு முன்னுள்ள தொலைவு ஆகிய மூன்றையும் சொற்களால் எழுத வேண்டும்.

யாருடைய சாலை?

1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி, தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, முக்கிய மாவட்டச் சாலை போன்றவை நீங்கலான பொதுச் சாலைகள் கிராமப் பஞ்சாயத்தைச் சாரும். சந்தியில் ஒரு கிளை பஞ்சாயத்தினுடையதாகவும் மற்றது பொதுப்பணித் துறையினுடையதாகவும் இருப்பது வழக்கம். பலகை நிற்கவேண்டிய ஓரம் துறையினுடையதாயின், தலைவர் தாமே அதை நட இயலாது. மனுவைத் துறைக்கு அனுப்பி வைக்கலாம். ஓரம் வனத்துறை நிலமாயின் அத்துறையின் இசைவும் வேண்டும். மனுதாரர் இதையெல்லாம் ஆராய்ந்து தீர்க்கத் தேவையில்லை; ஆனால் இதற்கு ஒரு வாக்கியம் மனுவில் இருந்தாக வேண்டும். அது இல்லையெனில், “எமது சாலையன்று” என்னும் குறிப்புடன் கோப்பு முடிந்துவிடும்.

மொழி குறித்து ஒரு சொல். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து செய்ய இடமளிக்கிறது. எனினும் கோப்பு பிற அலுவலகங்களுக்கும் செல்லக்கூடுமாகையால், மலையாளப் படி ஒன்றை இணைப்பது காலத்தை மிச்சப்படுத்தும்.

இனி மனுவின் மாதிரி. இதிலுள்ள நாள்களும் எண்ணிக்கையும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
காந்தலூர் கிராமப் பஞ்சாயத்து,
இடுக்கி மாவட்டம்.

படி: செயலாளர் அவர்கள், காந்தலூர் கிராமப் பஞ்சாயத்து.

பொருள்: சாலைச் சந்தியில் கைகாட்டிப் பலகை அமைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மறையூரிலிருந்து கோவில்கடவு வழியாக நம் ஊருக்கு ஏறிவரும் சாலை, வடக்கு அட்சரேகை 10.21437 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 77.19582 பாகை என்னும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. இடப்புறக் கிளை ஊருக்குச் செல்கிறது. வலப்புறக் கிளை சுமார் 600 மீட்டரில் விளைநிலங்களுக்கிடையே முடிகிறது. சந்தியில் பலகை எதுவும் இல்லை. வலப்புறக் கிளை நேராகவும் இடப்புறக் கிளை வளைந்தும் செல்வதால், புதிதாக வருவோர் வலப்புறமே செல்கின்றனர்.

மார்ச் 2 முதல் 8 வரையிலான ஏழு நாள்களில், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை கவனித்ததில், 19 வாகனங்கள் வலப்புறம் சென்று திரும்பின. அவற்றுள் நான்கு லாரிகள். அவை திரும்ப இடமின்றிப் பின்னோக்கியே வந்தன. நாள்வாரிக் குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது.

மறையூரிலிருந்து வருவோரை நோக்கி, சாலையின் இடப்புறத்தில், சந்திக்கு 40 மீட்டர் முன்னதாக, “காந்தலூர்” என்னும் பெயரும் இடப்புற அம்புக்குறியும் கொண்ட பலகை ஒன்றை மலையாளம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். இவ்விடம் பிற துறையின் பொறுப்பில் உள்ளதாயின், இம்மனுவை அத்துறைக்கு அனுப்பி, அவ்விவரத்தை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இணைப்பு: கைவரைபடம், நிழற்படங்கள் இரண்டு, நாள்வாரிக் குறிப்பு, மலையாளப் படி.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள்)

மனுவில் தலைவரின் பெயர் இல்லை என்பதைக் கவனிக்கலாம். தேர்தலுக்குப்பின் தலைவர் மாறலாம். பதவியின் பெயருக்கு எழுதிய மனு கோப்பில் தொடரும். பலகையின் நிறம், எழுத்தின் அளவு ஆகியவற்றையும் மனு தொடவில்லை. அவை இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 67 என்னும் விதித்தொகுப்பைச் சார்ந்தவை. ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டு அப்படியன்று. காந்தலூர், காந்தல்லூர் என இருவகையாக எழுதும் வழக்கம் உண்டு. இரு பலகைகளில் இரு வடிவங்கள் இருப்பின், புதியவர் இரண்டு ஊர்கள் என எண்ணக்கூடும். பஞ்சாயத்து தன் பிற பலகைகளில் எழுதும் வடிவத்தையே கேட்பது முறை.

மனுவை நேரில் கொடுத்து, வரவு எண்ணும் நாளும் இட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவ்வெண்ணைச் சுட்டியே அடுத்த கிராமசபையில் பொருளை எழுப்பலாம். கேரளத்தில் கிராமசபை மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது சட்டம். பஞ்சாயத்துக் குழு ஏற்றுப் பணம் ஒதுக்கிய பின்னரே மதிப்பீடும் பணியும் தொடரும்.

பலகை நட்ட முதல் வாரத்தில், இருட்டியபின் மறையூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டியில் ஏறிவந்து பார்ப்பது பயனுடையது. முகப்பு விளக்கின் ஒளியில், மூடுபனியிலும், 40 மீட்டருக்கு அப்பாலிருந்தே எழுத்து தெரிகிறதா. கிளைத்த புதர் அம்புக்குறியை மறைக்கிறதா. அம்பு இடப்புறக் கிளையையே சுட்டுகிறதா, இரண்டிற்கும் நடுவே நிற்கிறதா என்பன அப்போதுதான் தெரியும். குறை காணின், பழைய வரவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினால் போதும். மழைக்காலம் முடிந்ததும், முன்போலவே ஒரு வாரம் கணக்கெடுத்து, முந்தைய 19 எவ்வளவாகக் குறைந்துள்ளது என்பதையும் அக்கோப்பில் சேர்க்கலாம்.