பிடித்த வரியைத் திரும்ப வாங்க ஒரே வழி

நம்பிக்கை: வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு ரிட்டர்ன் எதற்கு?

சட்டம் பெரும்பாலும் இவரை வற்புறுத்துவதில்லை. ஆனாலும் சிவகாசி வட்டாரத்தில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை எடுப்பவருக்கு இந்த நம்பிக்கையால் நஷ்டம்தான். வேலை கொடுக்கும் நிறுவனம் ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, ஆண்டுக்கு மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேலோ தனிநபருக்குக் கொடுத்தால், 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்று பிடித்து அவருடைய பான் எண்ணில் கட்டிவிடும். பான் கொடுக்காதவருக்கு 20 சதவீதம்! பிடித்த பணம் தானாகத் திரும்பாது.

வெம்பக்கோட்டைப் பக்கத்தில் பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொடுக்கும் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஊர்ப் பள்ளி ஆசிரியர் மாலை வேளைகளில் காசு வாங்காமல் அக்கம்பக்கத்தாருக்கு ரிட்டர்ன் போட்டுத் தருகிறார். பெட்டிக்காரர் தயங்குகிறார்: “வரி ஆபீஸ்ல பேரு ஏறிட்டா அப்புறம் விட மாட்டாங்களே சார்?” ஆசிரியர் incometax.gov.in தளத்தில் Form 26AS-ஐத் திறந்து காட்டுகிறார். “பேரு எப்பவோ ஏறிடுச்சு அண்ணாச்சி. பாருங்க, உங்க பணம் 4,800 அங்க கிடக்கு.”

2024-25இல் அவர் வாங்கிய மொத்தக் கூலி 4,80,000 ரூபாய். அதன் 1 சதவீதம்தான் அந்த 4,800.

நம்பிக்கை: பில் தொகை முழுவதும் வருமானம், அது 3 லட்சத்தைத் தாண்டினால் வரி உண்டு.

வரவு வேறு, வருமானம் வேறு. வீடுகளில் பெட்டி ஒட்டும் பெண்களுக்குக் கொடுத்த கூலி, பசை, வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்து 2,90,000. மிச்சம் 1,90,000. கணக்குப் புத்தகம் வைக்காத சிறு தொழிலுக்கு உரியது ITR-4. அதில் வங்கி வழி வரவுக்குக் குறைந்தது 6 சதவீதம், ரொக்க வரவுக்கு 8 சதவீதம் லாபம் காட்ட வேண்டும். உண்மையில் அதைவிட அதிகம் மிஞ்சியிருந்தால் உண்மைத் தொகையையே எழுத வேண்டும் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆசிரியர் 1,90,000 என்றே எழுதுகிறார். புதிய வரி முறையில் அந்த ஆண்டின் வரம்பு 3 லட்சம்; வரி பூஜ்யம்; 4,800 முழுவதும் ரீஃபண்ட். மொத்த வரவைக் குறைத்து எழுதினால் மட்டும் Form 26AS-உடன் ஒத்துப்போகாது, நோட்டீஸ் வரும்.

நம்பிக்கை: படிவம் அனுப்பியதோடு வேலை முடிந்தது.

முதல் தடவை போடுபவர்கள் இடறும் இடம் இதுதான். 30 நாளுக்குள் e-Verify செய்ய வேண்டும்; செய்யவே இல்லையென்றால் அந்த ரிட்டர்ன் செல்லாது. ஆதார் ஓ.டி.பி. மூலம் செய்தால், அது ஆதாரோடு இணைந்த கைபேசிக்குத்தான் வரும். பழைய எண்ணைக் கைவிட்டவர் முதலில் ஆதாரில் எண்ணை மாற்ற வேண்டும். ரீஃபண்ட் வந்து சேரும் வங்கிக் கணக்கையும் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும்; அது ஏஜென்டின் கணக்காக இருக்கக் கூடாது.

நம்பிக்கை: கெடு தாண்டினால் அபராதம் நிச்சயம்.

2024-25 ஆண்டுக்கான கெடு 2025 செப்டம்பர் 16. அதைத் தவறவிட்டவர்களுக்கு டிசம்பர் 31 வரை வழி இருந்தது. மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்து, ரீஃபண்டுக்காக மட்டுமே ரிட்டர்ன் போட்டவருக்குத் தாமதக் கட்டணம் கிடையாது.