ஒரே முகவரியை மறுபடி கேட்கலாமா?

கேள்வி: 3,000 டெலிவரி முகவரிகளுக்கு நாமினாட்டிம் இலவச சேவையில் அட்சரேகை, தீர்க்கரேகை எடுக்கிறேன். ஸ்கிரிப்ட் முடிய 50 நிமிடம் ஆகிறது. குறைக்க முடியுமா?

பதில்: முடியும். அங்கே நொடிக்கு ஒரு கோரிக்கைதான் உச்சவரம்பு. ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் தடையும் விழலாம். உங்கள் பட்டியலில் தனித்த முகவரிகள் 400தான் என்றால், 7 நிமிடம் போதும்.

கிடைத்த விடைகளை எஸ்கியூலைட் கோப்பில் சேமித்து, முதலில் அங்கே தேடுங்கள். அதில் இல்லாதபோது மட்டும் `time.sleep(1)` ஓடி, கோரிக்கை போகட்டும். முகவரியைச் சிறிய எழுத்தாக்கி, கூடுதல் இடைவெளிகளை நீக்கிய பிறகே தேடுங்கள். இல்லாவிட்டால் `Anna Salai`, `anna salai` இரண்டும் வெவ்வேறு முகவரிகளாகிவிடும்.

‘கிடைக்கவில்லை’ என்ற பதிலையும் சேமியுங்கள். ஆனால் 429 பிழையையோ, பாதியில் அறுந்த கோரிக்கையையோ அப்படிப் பதியாதீர்கள். பதிந்தால் சரியான முகவரியும் மறுமுறை தேடப்படாமலே போகும்.