ஜிம் அட்டவணையைப் பேனாவோடு படியுங்கள்

என் தம்பி மகன் ஜிம்மில் சேர்ந்த வாரமே இணையத்திலிருந்து ஓர் அட்டவணையை இறக்கிக்கொண்டு வந்தான். பெஞ்ச் பிரஸ்ஸில் தூக்கும் எடை கூட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்தினோம். அப்போது பார்த்தவை இவை.

1. அட்டவணையின் மேல் ஓரத்தில் உங்கள் நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள். பலம் கூட வேண்டுமா, தசை பெருக்க வேண்டுமா? இது தெரியாமல் மற்றதைச் சரிபார்க்க முடியாது.

2. முன்னேற நினைக்கும் பயிற்சி முதலில் வருகிறதா என்று பாருங்கள். அவன் அட்டவணையில் ட்ரைசெப்ஸ் புஷ்டவுன், கேபிள் ஃப்ளை இரண்டும் முடிந்த பிறகுதான் பெஞ்ச் பிரஸ். கடைசியில் இன்க்லைன் டம்பெல் பிரஸ். பெஞ்சில் கம்பியை மேலே தள்ள நெஞ்சோடு ட்ரைசெப்ஸும் உழைக்க வேண்டும். அது முன்பே களைத்துவிட்டால் நெஞ்சுக்கு முழு வேலை கிடைக்கும் முன் கை ஓய்ந்துவிடும். பெஞ்சை முதலுக்கும் புஷ்டவுனைக் கடைசிக்கும் மாற்றினோம். கையைப் பெருக்குவதே நோக்கமாக இருப்பவர் கைப்பயிற்சியை முதலில் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

3. எல்லாப் பயிற்சிக்கும் ஒரே ஓய்வு நேரம் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அவன் அட்டவணையில் எல்லாவற்றுக்கும் 45 நொடி. பெஞ்ச், ஸ்குவாட் போன்ற கனமான பயிற்சிகளுக்கு 2 முதல் 3 நிமிடம் தேவை. மிகக் கனமாகத் தூக்கினால் அதற்கு மேலும் ஆகலாம். பைசெப்ஸ் கர்ல் போன்றவற்றுக்கு ஒன்று, ஒன்றரை நிமிடம் போதும். ஓய்வு போதவில்லை என்பதை எண்ணிக்கையே காட்டிவிடும். 45 நொடி ஓய்வில் 40 கிலோவை அவன் 8, 5, 3 என்று இறங்கித் தூக்கினான். 3 நிமிடம் விட்டதும் 8, 8, 7 வந்தது.

4. ஒரு நாள் கணக்கு ஏமாற்றும், வாரக் கணக்கு எடுங்கள். ஃப்ளை, பெஞ்ச், இன்க்லைன் மூன்றும் தலா 4 செட், வாரம் இரண்டு முறை: நெஞ்சுக்கு மட்டும் 24 செட். முதுகுக்கோ வாரம் முழுவதும் 6. புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு தசைக்கு வாரம் 10 செட் அளவே தாராளம். ஃப்ளையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பெஞ்ச் 3, இன்க்லைன் 2 என்று வைத்து 10-க்குக் கொண்டுவந்தோம். முதுகையும் 10-க்கு ஏற்றினோம். உடலைச் சூடாக்கச் செய்யும் லேசான செட்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

5. நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். ஒரு செட்டுக்கு 40 நொடி, ஓய்வு 2 நிமிடம் என்றால் 20 செட்டுக்கு ஏறக்குறைய 53 நிமிடம். அதை அரை மணியில் முடிக்கச் சொன்னால், வெட்டுப்படுவது ஓய்வுதான்.

6. நான்கு வாரம் ஒவ்வொரு செட்டையும் நோட்டில் எழுதுங்கள். எடையும் கூடவில்லை, எண்ணிக்கையும் கூடவில்லை, அசதியும் தீரவில்லை என்றால் முதலில் செட்டைக் குறைத்துப் பாருங்கள். தோள்பட்டையில் சுருக்கென்று வலித்தால் அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.