காலை ஆறரை மணிக்கு எத்தனை லிட்டர் வெந்நீர் வேண்டும்?

கீசர் வாங்கச் செல்லும் வாடிக்கையாளரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, ‘வீட்டில் எத்தனை பேர்?’ என்பதாகும். ஐந்து பேர் என்றால் 25 லிட்டர் கீசரைக் காட்டுவார். குளியலறை இரண்டு என்றால் அதிலேயே இரண்டைக் காட்டுவார். ஆனால் கொள்ளளவைத் தீர்மானிப்பது வீட்டிலுள்ளோரின் எண்ணிக்கை அன்று. ஒவ்வொரு குளியலறையிலும் மிக நெருக்கடியான அரை மணி நேரத்தில் எவ்வளவு வெந்நீர் செலவாகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

தில்லியில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், பாட்டி ஆகிய ஐவர். இரண்டு குளியலறைகள். ஜனவரி மாதத்தில் குழாய் நீரின் வெப்பநிலை 15 டிகிரி என்றும், கீசரில் நீர் 60 டிகிரிக்குச் சூடாகிறது என்றும் கொள்வோம். குளிப்பதற்கு 40 டிகிரி இதமானது. இந்நிலையில் 18 லிட்டர் வாளி ஒன்றை நிரப்ப 10 லிட்டர் வெந்நீரும் 8 லிட்டர் தண்ணீரும் கலக்க வேண்டும். குழாய் நீர் 25 டிகிரியாக உள்ள ஊரில் அதே வாளிக்கு 8 லிட்டருக்கும் குறைவான வெந்நீரே போதும். எனவே சென்னையில் போதுமானதாயிருந்த கீசர், மாற்றலாகித் தில்லிக்குச் சென்றதும் போதாமற் போவதில் வியப்பில்லை.

இனி இதை ஒரு கணக்கேடாகவே பார்க்கலாம். தொட்டியில் உள்ளது தொடக்க இருப்பு, வெப்பச்சுருள் சூடாக்கித் தருவது வரவு, குளியல் செலவு. தொடக்க இருப்பு முழுவதையும் எடுக்க இயலாது. வெந்நீர் மேலே வெளியேறும்போது கீழே தண்ணீர் புகுந்து கலப்பதால், ஐந்தில் நான்கு பங்கு வரையே நல்ல சூட்டில் கிடைக்கும். 25 லிட்டர் கீசரில் அது 20 லிட்டர். 15 லிட்டர் கீசரில் 12. வரவோ மெதுவானது. இரண்டு கிலோவாட் சுருள் 10 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 16 நிமிடங்கள் ஆகும்.

பொதுக் குளியலறையில் மகன் 6.15க்கும் மகள் 6.30க்கும் குளிக்கின்றனர், ஆளுக்கு ஒன்றரை வாளி, அதாவது 15 லிட்டர் வெந்நீர். 25 லிட்டர் கீசரில் மகனுக்குப் பின் 5 லிட்டர் எஞ்சும். கால் மணி நேரத்தில் மேலும் 10 லிட்டர் அளவுக்குச் சூடாகும். மகளுக்குத் தேவையான 15 லிட்டர் இழுபறியாக நேராகிவிடுகிறது. 15 லிட்டர் கீசராயின் மகனுக்கே பற்றாது. பாட்டி ஒன்பது மணிக்குக் குளிப்பதால் அவர் இக்கணக்கில் வருவதில்லை. பிள்ளைகள் ஷவருக்கு மாறினால் நிலை வேறு. நிமிடத்துக்கு 8 லிட்டர் விழும் ஷவரில் ஆறு நிமிடம் நின்றால் 27 லிட்டர் வெந்நீர் செலவாகும். ஒருவருக்கே 35 லிட்டர் கீசர் தேவைப்படும். குளிப்பது வாளியிலா ஷவரிலா என்ற கேள்வியைக் கடையில் எவரும் கேட்பதில்லை என்பது என் அனுபவம்.

மற்றொரு குளியலறையில் கணவர் 5.30க்கும் மனைவி ஏழு மணிக்கும் ஆளுக்கு ஒரு வாளியில் குளிக்கின்றனர். இடைவெளி ஒன்றரை மணி நேரம். அங்கு 15 லிட்டர் தாராளம். ஆகவே இவ்வீட்டுக்கு 25, 15 என்ற இணையே பொருத்தமானது. இரண்டுக்கும் சேர்த்து 50 லிட்டரில் ஒன்றை மாட்டலாமே எனத் தோன்றும். ஆனால் தொலைவிலுள்ள குளியலறைக்குச் செல்லும் 10 மீட்டர் அரை அங்குலக் குழாயில் ஏறத்தாழ 2 லிட்டர் நீர் நிற்கும். திறக்கும்போதெல்லாம் முதலில் அந்த ஆறிய நீர் வெளியேற வேண்டும். மூடியபின் அவ்வளவு வெந்நீர் குழாயிலேயே வீணாக ஆறும்.

முன்பு இருவருக்குப் போதுமாயிருந்த கீசர் இப்போது ஒருவருக்கே போதவில்லை என்றால், பெரியதை வாங்க விரைய வேண்டாம். உப்பு நீர் உள்ள இடங்களில் சுருளின்மீது சுண்ணாம்புப் படிவு ஏறும். தொட்டியின் அடியில் வண்டல் சேரும். சூடேறும்போது கரகரவென ஒலி கேட்டால் அதுவே அடையாளம். வெப்பநிலைத் திருகு குறைவாக வைக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய நாள் முதலே இரண்டாமவருக்கு வெதுவெதுப்பான நீர்தான் வருகிறது என்றால் மட்டுமே கொள்ளளவைக் குறை கூறலாம்.

வாங்குமுன் மின்கட்டண ரசீதில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு எனப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கீசர்களும் ஒரே நேரத்தில் எரிந்தால் அவை மட்டுமே 4 கிலோவாட் கேட்கும். ரசீதில் 3 கிலோவாட் என்றிருந்தால், கணவர் குளித்து முடித்ததும் அவருடைய கீசரை அணைத்துவிட்டு, அதன் பின்னர் பிள்ளைகளுடையதைப் போடலாம். 25 லிட்டர் முழுவதும் சூடாக 40 நிமிடங்கள் ஆகும் என்பதால், 5.35க்குள் அதைப் போட்டுவிட வேண்டும்.